ஒன்பது கிலோ, பதினாறு கிலோ ஆன கதை

"எடை 9 கிலோதான். ஆனா 16 கிலோவுக்குக் கட்டணுங்க."

வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்பப் போன கூரியர் கவுன்டரில் இன்று இதைக் கேட்டதும் திகைத்துப் போனேன்.

அந்தப் பையன் பொறுமையாக டேப்பை வைத்து அளந்து காட்டினான். நீளம் 50, அகலம் 40, உயரம் 40 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் 16. விமானத்தில் இடமும் காசுதான். நிஜ எடை, இந்தக் கணக்கு இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம்.

அக்கா மகளுக்கான துணிகளைச் சுருட்டி, 40, 35, 30 அளவுப் பெட்டியில் மாற்றி வைத்தேன். கணக்கு 8.4-க்கு இறங்கியது. 9 கிலோவுக்கே கட்டினேன்.

பால் சேர்த்த இனிப்பை மட்டும் வெளியே எடுத்துவிட்டேன். பால், இறைச்சி, விதை என்றால் பல நாடுகளில் சுங்கத்திலேயே நிறுத்திவிடுவார்கள். படிவத்தில் வெறுமனே 'உணவு' என்று எழுதினாலும் சந்தேகம்தான். ஒவ்வொன்றின் பெயர், எடை, சேர்மானம் எல்லாம் எழுதினேன்.

போர்வையும் பாத்திரமும் கப்பலில் போகட்டும். அங்கே பெரும்பாலும் கன அளவுக்குத்தான் காசு, கனமான சாமானுக்கு அது லாபம். ஆனால் வாரக்கணக்கில் ஆகும். கெட்டுப்போகிற எதையும் அதில் வைக்க எனக்கு மனசு வராது.

இனிப்பு டப்பா இன்னும் மேசை மேலேயே இருக்கிறது.