காலையில் உறுத்தும் கண்

கண் மருத்துவமனையில் கண்ணையும் பார்வையையும் பரிசோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்டாகச் சேர்ந்த புதிதில், கண் உறுத்துகிறது என்று யார் வந்தாலும் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போன், எவ்வளவு நேரம் கம்ப்யூட்டர் என்றுதான் கேட்பேன். இப்போது முதலில் கேட்பது வேறு. எழுந்தவுடன் அதிகமா, சாயங்காலம் அதிகமா? பொழுது போகப் போகக் கூடினால் திரையையே பார்த்துக்கொண்டு இமைக்க மறப்பது போன்ற பகல் காரணங்களைத் தேடலாம். எழும்போதே மோசமாக இருந்து, குளித்துச் சாப்பிடுவதற்குள் குறைந்துவிட்டால், தூங்கும்போது கண்ணுக்கு ஏதோ நடக்கிறது.

இதை எனக்குப் புரியவைத்தவர் சென்னையில் இரவுப் பணி பார்க்கும் ஒரு பெண், இருபத்தாறு வயது. விடியற்காலையில் கேபில் ஏறியதும் தூங்கிவிடுவார், வீட்டுக்கு வந்ததும் காண்டாக்ட் லென்ஸைக் கழற்றாமலே படுத்துவிடுவார், வாரத்தில் மூன்று நான்கு நாள் இப்படித்தான். "எழுந்தா கண்ணுக்குள்ள மணல் அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு மேடம், லென்ஸ் ஒட்டிக்கிட்டு வரவே மாட்டேங்குது, பிடிச்சு இழுத்துதான் எடுக்கிறேன்" என்றார்.

எனக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. கருவிழிக்கு ரத்தக் குழாய் கிடையாது, விழித்திருக்கும்போது காற்றிலிருந்து ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்கிறது. இமை மூடியதும் இமையின் உட்புற ரத்தக் குழாய்களிலிருந்து வரும் கொஞ்சத்தை வைத்துத்தான் ஓட்டுகிறது, அதன் மேல் ஒரு லென்ஸும் இருந்தால் அதுவும் குறையும். தூக்கத்தில் கண்ணீர் சுரப்பதும் குறைவு என்பதால் லென்ஸ் காய்ந்து ஒட்டிக்கொள்கிறது. டாக்டர் சொட்டு மருந்து எழுதினார், நான் லென்ஸை நிறுத்தச் சொன்னேன்.

பத்து நாள் கழித்து வந்தார். லென்ஸைத் தொடவே இல்லை, சிவப்பு போய்விட்டது, ஆனால் எழும்போது உறுத்தல் அப்படியே இருக்கிறது, அதுவும் வலது கண்ணில்தான் அதிகம் என்றார். முதல் தடவை அவர் வந்தது சாயங்காலம். இந்தத் தடவை தூங்கி எழுந்த கையோடு வரச் சொல்லியிருந்தோம். கருவிழியின் மேல்தோல் கெட்ட இடத்தைப் பச்சையாகக் காட்டும் சாயம் தடவிய ஃப்ளோரசின் ஸ்ட்ரிப்பை நனைத்துக் கண்ணில் தொட்டுவிட்டு, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்பில் நீல வெளிச்சத்தில் பார்த்தேன். வலது கருவிழியின் கீழ்ப்பகுதியில் மட்டும், குறுக்கே ஒரு பட்டை போலப் பச்சைப் புள்ளிகள். மேல்பாதி சுத்தமாக இருந்தது. இடது கண்ணில் அங்கங்கே நாலைந்து புள்ளிதான். லென்ஸ் கெடுத்தது என்றால் இப்படிக் கீழே மட்டும் கோடு கிழித்த மாதிரி இருக்க வாய்ப்பு குறைவு.

அறை விளக்கை அணைத்து, தூங்குவது போல லேசாகக் கண்ணை மூடச் சொல்லி, மேல் இமையில் டார்ச்சை வைத்தேன். வலது கண்ணில் இரண்டு இமையும் சேரும் இடத்தில் மெல்லிய வெளிச்சம் கசிந்தது. கூட வந்திருந்த அவர் அம்மா, "இவ சின்ன வயசுல இருந்தே அரைக்கண்ணு திறந்துதான் தூங்குவா" என்று சாதாரணமாகச் சொன்னார். முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது.

தூங்கும்போது பெரும்பாலும் விழி மேலே உருளும், அதனால் இமை முழுசாக மூடாதவர்களுக்குக் கருவிழியின் கீழ்ப்பகுதிதான் வெளியே தெரியும். சரி, ஏன் வலது கண் மட்டும்? எப்படிப் படுப்பீர்கள் என்று கேட்டோம். இடது பக்கம் ஒருக்களித்துத்தான், பகல் வெக்கைக்கு டேபிள் ஃபேனைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்வாராம், ஏசியும் ஓடும். இடது கண் தலையணைப் பக்கம் ஒதுங்கியிருக்க, வலது கண் ஆறேழு மணி நேரம் நேராகக் காற்றில் காய்ந்திருக்கிறது.

ஃபேனைக் கால்மாட்டுக்கு மாற்றி, ஏசியின் காற்று முகத்தில் விழாதபடி தகட்டை மேலே திருப்பச் சொன்னோம். படுக்கும் முன் போட டாக்டர் கண் ஜெல் கொடுத்தார். சொட்டு மருந்தைவிட அது கெட்டியாகத் தங்கும், கொஞ்ச நேரம் பார்வை மங்கும் என்பதால் படுக்கும்போதுதான் போட வேண்டும். மூன்று வாரத்தில் பச்சைப் பட்டை ஏறக்குறைய மறைந்தது. அப்புறம் பணி நேரத்துக்கு மட்டும் லென்ஸுக்கு அனுமதித்தோம், கேபில் ஏறும் முன்பே கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு கழற்றிவிட வேண்டும், பையில் கண்ணாடி இருக்க வேண்டும்.

ஃபேன்தான் காரணம் என்று தெரிந்ததால் லென்ஸோடு தூங்கியது பரவாயில்லை என்று ஆகிவிடாது. மணல் உறுத்தலைவிட எனக்குப் பயம் கிருமித் தொற்றுதான், காய்ந்த லென்ஸை இழுக்கும்போது கருவிழியின் மேல்தோல் உரிந்தால் கிருமிக்கு அதுவே வாசல். ஒட்டிக்கொண்டால் லென்ஸுக்குப் போடக்கூடிய சொட்டு மருந்தை விட்டு, சில நிமிடம் இமைத்து, லென்ஸ் தானாக நகர்ந்த பிறகே எடுங்கள், குழாய்த் தண்ணீர் வேண்டாம். எடுத்த பிறகும் வலி குறையாமல், வெளிச்சம் பார்த்தால் கூசி, பார்வை மங்கி, அல்லது கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அன்றே கண் டாக்டரிடம் போய்விடுங்கள். மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், சிவப்பு குறைந்திருக்கும், உள்ளே புண் பெரிதாகியிருக்கும். லென்ஸையும் டப்பாவையும் தூக்கிப் போடாமல் கையோடு எடுத்து வாருங்கள், எந்தக் கிருமி என்று பார்க்க அது உதவும்.