நானூறு பேர் வரும் பக்கத்தில் ஐகானைச் சோதிப்பது

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் மாடியறை ஒன்றில் மூன்று பேர் சேர்ந்து தமிழ் நாள்காட்டிச் செயலி ஒன்றை நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிளே ஸ்டோரில் அதன் பக்கத்துக்கு ஒரு நாளைக்குச் சுமார் 400 பேர் வருகிறார்கள், அவர்களில் 100 பேர் செயலியை இறக்கிக்கொள்கிறார்கள். ஐகானில் இப்போது இருப்பது கோபுரம். அதை எடுத்துவிட்டு, சிவப்பு எண் போட்ட தினசரி நாள்காட்டித் தாளை வைத்தால் கூடுதலாக ஆள் சேருமா என்பதுதான் கேள்வி.

இதற்கு எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, இந்த மாதம் கோபுரம், அடுத்த மாதம் தாள், பிறகு இரண்டு மாதக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. நாள்காட்டிச் செயலிக்கு இதைவிட மோசமான வழி கிடையாது. தைப்பூசத்துக்கு முந்திய வாரம் பத்துமலைக்கும் பினாங்குத் தண்ணீர்மலைக்கும் கிளம்புகிறவர்கள் கூட்டமாக வந்து இறக்குவார்கள். அந்த வாரத்தில் எந்த ஐகான் மாட்டியிருந்ததோ அது ஜெயித்ததாகக் கணக்கு சொல்லும். உண்மையில் ஜெயித்தது முருகன்.

ஆகவே இரண்டையும் ஒரே நேரத்தில், வருகிறவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்துக் காட்ட வேண்டும். செயலி நடத்துகிறவர்களுக்குக் கூகல் தரும் பிளே கன்சோலில் `Store listing experiments` என்ற பகுதி இதற்காகவே இருக்கிறது, கட்டணம் கிடையாது. இப்போதைய பக்கத்தோடு மூன்று மாற்றுகள் வரை சேர்க்கலாம். ஐகான், முகப்புப் படம், திரைப்பிடிப்புகள், காணொளி ஆகியவற்றை எல்லா மொழிக்கும் பொதுவாகவே சோதிக்கலாம். விளக்க உரையைச் சோதிப்பதென்றால் மொழிவாரிச் சோதனையாகத்தான் தொடங்க வேண்டும். செயலியின் பெயரைச் சோதிக்க வழி இல்லை.

பித்தானை அழுத்துவதற்கு முன் ஒரு பெருக்கல் கணக்கு போட வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். எத்தனை பேர் பார்த்தால் வித்தியாசத்தை நம்பலாம் என்பதற்கு ஒரு கைக்கணக்கு இருக்கிறது.

```
n = 16 × p × (1 − p) ÷ d²
```

இதில் p என்பது இப்போது இறக்குகிறவர்களின் விகிதம், d என்பது நாம் கண்டுபிடிக்க விரும்பும் வித்தியாசம், n என்பது ஒவ்வொரு பக்கத்துக்கும், அதாவது ஒவ்வொரு ஐகானுக்கும், தேவைப்படும் ஆட்கள். நம் செயலியில் p 0.25. புதிய ஐகான் அதை 27.5 விழுக்காட்டுக்குக் கொண்டுபோனால் போதும் என்று நினைத்தால் d 0.025. போட்டுப் பார்த்தால் ஒரு பக்கத்துக்கு 4,800 பேர், இரண்டுக்கும் 9,600 பேர். நாளுக்கு 400 பேர் என்றால் 24 நாள். வாரக்கணக்கு முழுசாக இருக்கட்டும் என்று 28 நாள் வைப்பது நல்லது. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் சனி, ஞாயிறு விடுமுறை, பக்கத்துக் கெடாவிலோ வெள்ளி, சனி. சுங்கைப்பட்டாணிக்காரரின் ஓய்வுநாள் பட்டர்வொர்த்காரருடையது அல்ல. முழு வாரங்களாக ஓட்டினால் இதெல்லாம் தானாகச் சமமாகிவிடும்.

அதே கணக்கில் d-ஐப் பாதியாக்கிப் பாருங்கள். 26.25 விழுக்காட்டைப் பிடிக்க வேண்டுமென்றால் ஒரு பக்கத்துக்கு 19,200 பேர் வேண்டும், மொத்தம் 96 நாள். வித்தியாசம் பாதியானால் ஆட்கள் நான்கு மடங்கு. கோபுரத்தின் நிறத்தைக் கொஞ்சம் அடர்த்தியாக்கிப் பார்ப்பது போன்ற சின்னச் சில்லறை மாற்றங்களை இந்த அளவு செயலி சோதிக்கவே கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். சோதித்தால் மூன்று மாதம் கழித்து ‘ஒன்றும் தெரியவில்லை’ என்ற விடைதான் வரும். மூன்று மாற்றுகளையும் ஒன்றாகப் போட்டு ஆசைப்பட்டாலும் இதே கதி, 24 நாள் வேலை 48 நாளாகிவிடும். கோபுரத்துக்கு எதிரே தாள் என்று, தூரத்திலிருந்தே வேறாகத் தெரியும் இரண்டை மட்டும் மோதவிடுவதுதான் கட்டுப்படியாகும்.

ஐகானை 512-க்கு 512 அளவில் ஏற்றுகிறோம், ஆனால் யாரும் அந்த அளவில் பார்ப்பதில்லை. தேடல் பட்டியலில் அது கட்டைவிரல் நகத்தளவுக்குச் சுருங்கிவிடும். கோபுரத்தின் அடுக்குகளும் பொம்மைகளும் அங்கே பழுப்பு நிறக் கூம்பாகத்தான் தெரியும். மூலைகளையும் பிளே தானே வளைத்து வெட்டிவிடும், அங்கே எழுத்து வைத்திருந்தால் போயிற்று. வரைகிறவர் பெரிய திரையில் காட்டி ஒப்புதல் வாங்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, போட்டிச் செயலிகள் நான்கின் நடுவே வைத்து, கைப்பேசியில் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். அப்போதே தோற்றுவிடும் ஐகானுக்காக 28 நாள் செலவழிக்க வேண்டியதில்லை.

விளக்க உரையில் சோதிக்கத் தகுந்தது 80 எழுத்து குறுவிளக்கம் மட்டுமே என்பது என் கருத்து. 4,000 எழுத்து நீள் விளக்கம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது, அதைத் தட்டித் திறக்கிறவர் குறைவு. அந்த 80-லும் தமிழுக்கு ஒரு சிக்கல் உண்டு. கணினி எண்ணுவது நாம் எண்ணும் எழுத்தை அல்ல. ‘தமிழ்’ நமக்கு மூன்றெழுத்து, அதற்கு ஐந்து. இகரக் கொம்பும் புள்ளியும் தனித்தனியாகச் சேரும். ‘கோலாலம்பூர் சூரிய உதயப்படி ராகுகாலம்’ என்பது கண்ணுக்கு இடைவெளியோடு 23, கன்சோலுக்கு 36. எனவே ஆங்கிலத்தில் எழுதியதை அப்படியே தமிழாக்கினால் கடைசிச் சொல்லுக்கு இடமிருக்காது. தமிழில் சுருக்கமாக யோசித்துத்தான் எழுத வேண்டும்.

அந்த வரியை எடுத்துக்காட்டாக எடுத்ததற்கும் காரணம் உண்டு. சூரிய உதயம் காலை ஆறு மணி என்று வைத்து அச்சிட்ட நாள்காட்டியில் ஞாயிறு ராகுகாலம் மாலை 4:30 முதல் 6 வரை. கோலாலம்பூரில் 7:15-க்கு உதித்து 7:15-க்கு மறையும் நாளில் அது 5:45 முதல் 7:15 வரை. இதை அறிந்தவர்கள் இந்த வரியைக் கண்டதும் நிற்பார்கள். ‘மிகச் சிறந்த தமிழ் நாள்காட்டி’ என்ற பழைய வரியில் நிற்க என்ன இருக்கிறது? மோதவிட வேண்டிய இணை இப்படி இருக்க வேண்டும், சொல் அலங்காரம் மாறுவது மட்டும் போதாது.

ஆனால் அந்தச் சோதனையைத் தமிழ்ப் பக்கத்தில் நடத்த முடியாது. தமிழ்ப் பக்கம் தெரிவது கைப்பேசியைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு. இங்கே வீட்டில் தமிழ் பேசி, தமிழ் நாளிதழ் படிக்கிறவர்கூட போனை ஆங்கிலத்திலோ மலாயிலோ வைத்திருப்பது சாதாரணம். நாளுக்கு 30 பேர்தான் தமிழ்ப் பக்கத்தைப் பார்க்கிறார்கள் என்றால் 9,600 பேர் சேர 320 நாள் ஆகும். இந்த நிலையில் குறுவிளக்கத்தை ஆங்கிலப் பக்கத்தில் சோதித்து, ஜெயித்த கருத்தைத் தமிழிலும் மலாயிலும் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். சோதித்தது கருத்தைத்தான், தமிழ்ச் சொற்களை அல்ல என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

சோதனை தொடங்கிய அன்றே ஒரு கூத்து நடக்கும். அலுவலகத்தில் ஆளாளுக்குப் போனை எடுத்துப் பார்த்து, ‘எனக்குப் பழசுதானே வருது, வேலை செய்யலையா?’ என்பார்கள். பாதிப் பேருக்குப் பழையது வருவதுதான் சோதனை. கூகல் கணக்கில் நுழையாதவர்களுக்கு எப்போதும் பழையதே தெரியும்.

அடுத்த ஆபத்து நான்காம் நாள். ஐகானுக்கு 800 பேர் பார்த்திருப்பார்கள். கோபுரத்தில் 188 பேர், தாளில் 224 பேர் இறக்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். விகிதம் 23.5-க்கு 28. ‘அண்ணே, புதுசு தூக்கிருச்சு, மாத்திரலாமா?’ என்ற கேள்வி அன்றைக்கே வந்துவிடும். 95 விழுக்காடு நம்பிக்கை எல்லையைப் போட்டால் வித்தியாசம் 0.2 முதல் 8.8 புள்ளி வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். பூஜ்யக் கோட்டைத் தாண்டிவிட்டது போலத்தான் தெரிகிறது. ஆனால் தினமும் எட்டிப் பார்த்து, தாண்டிய நாளில் நிறுத்துகிறவருக்கு, ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லாத இரண்டு ஐகான்களிலும் ஏதோ ஒரு நாள் ஒன்று ஜெயிக்கும். அதனால் நிறுத்தும் தேதியை முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடுவதே நல்லது.

கணக்கு சொன்ன 9,600 பேரும் வந்து சேர்ந்தபின் கோபுரம் 4,800-க்கு 1,200, தாள் 4,800-க்கு 1,325 என்று முடிந்தால் விகிதம் 25-க்கு 27.6. எல்லை இப்போது 0.8 முதல் 4.4 புள்ளி. தாள் ஜெயித்தது உண்மை. ஆனால் நான்காம் நாள் தெரிந்த 19 விழுக்காடு கூடுதல் இப்போது 10 ஆக இறங்கியிருக்கிறது. முதலாளியிடம் சொல்ல வேண்டியது கூட அந்தப் பத்தை அல்ல, ‘மூன்றுக்கும் பதினேழுக்கும் இடையில் ஏதோ ஒன்று’ என்பதை.

கன்சோலில் எண்களைப் படிக்கும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். பயந்துகொண்டு புதியதை 20 விழுக்காட்டினருக்கு மட்டும் காட்டியிருந்தால், புதியதில் 60, பழையதில் 240 என்று வரும்போது புதியது படுத்துவிட்டதாகத் தோன்றும். 60-ஐ 0.2-ஆலும் 240-ஐ 0.8-ஆலும் வகுத்தால் இரண்டும் 300. பங்குக்கு ஏற்றபடி வகுத்த எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும். இன்னொன்று, எதை அளவாக எடுப்பது என்பது. வெறும் இறக்கங்களை எண்ணாமல், ஒரு நாளாவது செயலியை வைத்திருந்தவர்களை எண்ணும் `Retained first-time installers` என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஐகானில் ‘இலவச ஜாதகம்’ என்று போட்டால் இறக்கம் ஏறும், அன்று மாலையே நீக்கமும் ஏறும்.

சோதனை ஓடும்போது தைப்பூசம் வந்தால்? இரண்டு பக்கத்துக்கும் ஒரே கூட்டம்தான் பிரிகிறது, ஒப்பீடு கெடாது. ஆனால் கிடைத்த விடை தைப்பூசக் கூட்டத்தின் விடை, அவர்களுக்குக் கோபுரம் பிடித்திருக்கலாம், ஆண்டு முழுவதும் வருகிறவருக்கு அப்படி இல்லாமல் இருக்கலாம். முடிந்தால் அந்த வாரங்களைத் தவிர்ப்பதே மேல்.

ஐபோன் பக்கம் வேறு மாதிரி. ஆப்பிளின் சோதனையில் விளக்க உரையை மாற்றிப் பார்க்க முடியாது. மாற்று ஐகான்களைச் செயலியின் கோப்புக்குள்ளேயே வைத்து அனுப்ப வேண்டும், சோதனை 90 நாளுக்கு மேல் ஓடாது. அதில் ஒரு நன்மையும் உண்டு, எந்த ஐகானைப் பார்த்து இறக்கினாரோ அதுவே அவர் திரையில் வந்து உட்காரும்.

ஆண்ட்ராய்டில் அப்படி இல்லை. கடையில் காட்டும் ஐகான் வேறு, கைப்பேசியில் உட்காரும் ஐகான் வேறு. தாளைப் பார்த்து இறக்கியவரின் திரையில் கோபுரம்தான் வந்திருக்கும், அவர் தாளைத் தேடிக் காணாமல் மறுபடி இறக்கப் பார்ப்பார். தாள் ஜெயித்து அதைக் கடையில் மாட்டிய அன்றே, அடுத்த பதிப்பின் கோப்பிலும் ஐகானை மாற்றி அனுப்பிவிட வேண்டும்.