தொட்டியில் கிடந்த கல்

"தம்பி, நீங்க ரத்துன்னு போட்டுட்டீங்க. தொட்டியில ஊறுற கல்லை நான் எப்படி ரத்து பண்றது?"

ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறைக்காரர் போனில் கேட்டது. "அண்ணே, சிஸ்டம் சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு" என்றேன். பொய் இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

காரைக்குடிக் கடைக்கு நான் எழுதிய ஆர்டர் மென்பொருள் அது. முன்பணம், பட்டறை வேலை, லாரி என்று மூன்று படிகள். முதலில் எல்லாவற்றையும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள், அதாவது நடந்தால் முழுதும் நடக்கும், இல்லையென்றால் எதுவும் நடக்காது என்ற ஒரே கட்டுக்குள், குட்டி டிரான்சாக்ஷன்களாக வைத்துப் பார்த்தேன். உள்ளே இருப்பது கமிட் ஆகி முடிந்தாலும், வெளியே இருப்பது முடியும்வரை அது தொட்ட பதிவுகளின் பூட்டு விடாது, வேறு யாரும் அவற்றை மாற்ற முடியாது. கல் தயாராக இரண்டு வாரம் ஆகும். அத்தனை நாள் யார் காத்திருப்பது? அதனால் சாகா என்ற முறைக்கு மாறினேன். 1987-ல் ஹெக்டர் கார்சியா-மோலினாவும் கென்னத் சேலமும் எழுதிய யோசனை: ஒவ்வொரு படியும் தனியாகக் கமிட் ஆகும். நடுவில் ஒன்று தோற்றால், முடிந்த படிகளை ஈடுகட்டும் செயல்கள் கடைசியிலிருந்து முதலுக்கு ஓடும்.

அன்று மூன்று முறை முயன்றும் லாரி கிடைக்கவில்லை. சாகா திரும்பி ஓடியது. முன்பணம் கொடுத்தவருக்கே திரும்பிப் போய்விட்டது. அதற்கு முன், பட்டறை வேலைக்கு ஓடியது இந்த வரி:

```sql
UPDATE jobs SET status='CANCELLED' WHERE id=412;
```

பதிவில் `COMPENSATED`, ஈடுகட்டியாச்சு என்று இருந்தது. பட்டறையிலோ கண்ணாடி மேல் நிறச் சிமென்ட் ஊற்றி, பச்சைப் பூ போட்டு, 600 கல் வார்த்தாகிவிட்டது. அந்தப் பூ ஒரு வீட்டு முகப்புக்காகவே கேட்டது. வேறு யாருக்கு விற்பது?

ரோல்பேக் என்றால் நடக்காத மாதிரி ஆக்குவது. ஈடுகட்டுவது அப்படி இல்லை. நடந்தது நடந்ததுதான், அதற்கு எதிராக இன்னொரு வேலை செய்கிறோம். இது எனக்குத் தெரியும். கல் வார்ப்பதுதான் திரும்ப முடியாத படி, அதற்குப் பிறகு வருவதெல்லாம் கிடைக்கும்வரை முயல வேண்டியவை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் கடைக்காரர் கொடுத்த குறிப்பில் 'எந்த நேரமும் ரத்து செய்யலாம்' என்றுதானே இருந்தது? ஒரு நாள் பட்டறையில் போய் நின்றிருந்தால் புரிந்திருக்கும். நிற்கச் சொல்லி யாரும் சொல்லவும் இல்லை.

அப்புறம் மாற்றினேன். பட்டறைக்காரர் 'வார்த்தாச்சு' என்று அழுத்திய பிறகு சாகா பின்னால் போகாது. லாரியை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு நாள் தாண்டினால் கடைப் பையனுக்குத் தகவல் போகும். லாரியை முன்கூட்டியே பிடித்துவிடலாமே என்றால், இரண்டு வாரம் முன்னால் யார் வண்டி தருவார்கள்?

போன மாதம் ஓர் ஆச்சி கடைக்கு வந்தார். லாரி வரவே இல்லை. "வண்டி பிடிக்கிறது உங்க வேலை. அதுக்கு எங்காசு ஏன் மாட்டிக்கிட்டு நிக்கணும்?" என்றார். பட்டறைக்காரருக்குச் சரியாக்கப் போய், இவர் பக்கம் சிக்கலாகிவிட்டது. "சிஸ்டம் சரியாத்தான்" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.