எங்கள் பட்டறையில் ஒரு பைப் வளையத்தை அமுக்கிப் பார்த்த கணக்கு

எங்கள் பட்டறையில் சின்னதாக ஒரு கை பிரஸ் இருக்கிறது. அது எத்தனை கிலோ அழுத்தம் கொடுக்கிறது என்று சுமாராகவாவது தெரிய வேண்டியிருந்தது. நான் பகலில் இங்கே பைப் ஃபேப்ரிகேஷன் வேலை, மாலையில் பகுதிநேர டிப்ளமோ வகுப்பு. அந்த நேரத்தில்தான் வகுப்பில் மெல்லிய வளையப் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. வளையத்தை விட்டத்தின் வழியே அமுக்கினால் விட்டம் எவ்வளவு குறைகிறது என்பதை வைத்தே விசையைச் சொல்லிவிடலாம். புரூவிங் ரிங் என்கிற கருவி அப்படித்தான் வேலை செய்கிறது. 1927இல் அமெரிக்க தர நிர்ணய அலுவலகத்தில் அதை உருவாக்கினார்கள். வெட்டித் தள்ளிய ஆறு அங்குல பைப் துண்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம் என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். சரி என்றார்.

பேண்ட்சாவில் 25 மி.மீ. அகலத்துக்கு வளையத்தை வெட்டித் தந்த அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். "மேலே அமுக்கினா பக்கத்துல பிதுங்கும், அது தெரியும். எவ்வளவு பிதுங்கும்னு முன்னாடியே சொல்லு தம்பி, பார்ப்போம்." அதனால் முதலில் கணக்கு, அப்புறம்தான் எடை என்று முடிவு செய்தேன்.

வளையம் மூடிய உருவம் என்பதால் சமநிலைச் சமன்பாடுகள் மட்டும் போதாது. ஆனால் சமச்சீர் பெரும்பகுதி வேலையைக் குறைத்துவிடுகிறது. மேலிருந்து கீழாக P விசை. கிடை விட்டத்தின் இரு முனைகளிலும் வளையத்தை வெட்டியதாக நினைத்துக்கொண்டால், ஒவ்வொரு வெட்டிலும் P/2 அமுக்க விசை இருக்கும். சமச்சீரால் ஷியர் இருக்காது. தெரியாதது ஒன்றே ஒன்று, அந்த வெட்டில் உள்ள பெண்டிங் மொமென்ட். அதை M0 என்று வைத்தேன். அங்கிருந்து θ கோணம் மேலே போனால் மொமென்ட் இப்படி வரும்:

M = M0 − (PR/2)(1 − cosθ)

R என்பது சுவரின் நடுவரை எடுத்த ஆரம். இந்த இடத்தில்தான் கணக்கின் உயிர் இருக்கிறது. பக்கவாட்டு வெட்டும் சரி, விசைக்கு நேர் கீழே உள்ள வெட்டும் சரி, சமச்சீரால் திரும்பவே முடியாது. அப்படியானால் இரண்டுக்கும் நடுவே உள்ள கால் வட்டத்தில் ஒரு பக்கமாக வளைந்த அளவும் எதிர்ப் பக்கமாக வளைந்த அளவும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ள வேண்டும். அதாவது கால் வட்டத்தில் M இன் சராசரி பூஜ்யம். கால் வட்டத்தில் cosθ இன் சராசரி 2/π. அவ்வளவுதான், M0 கிடைத்துவிடுகிறது. சமன்பாடும் ஒரே வரியாகச் சுருங்குகிறது:

M = (PR/2)(cosθ − 2/π)

பக்கவாட்டில் இது 0.182PR. விசை படும் இடத்தில் எதிர்க்குறியோடு 0.318PR. ஆக, அதிக மொமென்ட் விசைக்கு நேர் கீழேதான். அங்கே வளையம் தட்டையாக முயல்வதால் உள்பரப்பில் இழுவிசை. பக்கவாட்டில் வளைவு இன்னும் கூடுவதால் வெளிப்பரப்பில் இழுவிசை. கான்கிரீட் வடிகால் குழாயை இப்படி அமுக்கிச் சோதிக்கும்போது மேலும் கீழும் உட்பக்கமாக விரிசல் தெரிவதற்குக் காரணமும் இதுதான். இரண்டுக்கும் இடையே, கிடை விட்டத்திலிருந்து ஏறத்தாழ 50.5 டிகிரியில், மொமென்ட் பூஜ்யம்.

விட்டம் குறைவதற்கு காஸ்டிலியானோ தேற்றம். M² ஐ வளையம் முழுக்கத் தொகையிட்டு, வளைவதால் சேரும் ஆற்றலை எடுத்து, அதை P ஐப் பொறுத்து வகையிட வேண்டும். பக்கவாட்டு விரிவுக்கு அங்கே ஒரு கற்பனை விசை வேண்டும். அதற்குப் புதிதாக ஒன்றும் தேட வேண்டியதில்லை. மேலே உள்ள சமன்பாட்டையே 90 டிகிரி திருப்பி, cosθ இருந்த இடத்தில் sinθ போட்டு, வெளியே இழுக்கும் விசை என்பதால் குறியை மாற்றினால் போதும். கீழே E என்பது எஃகின் மீள் குணகம், I என்பது சுவரின் குறுக்குவெட்டு வளைவை எதிர்க்கும் அளவு.

நெடுக்கில் குறைவது: (PR³/EI)(π/4 − 2/π) = 0.149 PR³/EI
குறுக்கில் கூடுவது: (PR³/EI)(2/π − 1/2) = 0.137 PR³/EI

இரண்டையும் வகுத்தால் 0.918. இதில் P இல்லை, E இல்லை, I இல்லை. எஃகு எந்த ரகம், சுவர் எவ்வளவு தடிமன் என்று எதுவுமே தெரியாமல் அளவீட்டைச் சோதிக்கலாம். எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த எண் இது.

அடுத்து சுவர்த் தடிமன். அட்டவணைப்படி ஆறு அங்குலம் ஷெட்யூல் 40 பைப்புக்கு வெளிவிட்டம் 168.3, சுவர் 7.11 மி.மீ. ஆனால் சீம்லெஸ் பைப்பின் சுவர் அட்டவணையைவிட 12.5 சதவீதம் வரை குறைவாக இருக்கவும் தர விதியில் இடமுண்டு. I இல் தடிமன் மூன்றாம் படியில் வருகிறது, சின்ன வித்தியாசமும் பெரிதாகிவிடும். வளையத்தைச் சுற்றி வெர்னியரால் பல இடங்களில் அளந்தேன்: 6.5 முதல் 6.7 வரை. 6.6 என்று எடுத்தால் R = 80.85 மி.மீ., I = 599 மி.மீ.⁴. E க்கு 200 GPa. 100 கிலோ, அதாவது 981 நியூட்டன் எடைக்கு, நெடுக்கில் 0.64 மி.மீ. குறைய வேண்டும், குறுக்கில் 0.59 கூட வேண்டும். அட்டவணைத் தடிமனையே போட்டிருந்தால் நெடுக்கில் 0.51 என்று வந்திருக்கும்.

தகைவையும் பார்த்தேன். அதிக மொமென்ட் சுமார் 25,200 நியூட்டன் மி.மீ., அதற்குத் தகைவு 139 MPa. இந்த பைப் A106 கிரேடு B. அதன் ஈல்டு குறைந்தது 240. ஆகவே 100 கிலோ தாங்கும், 200 கிலோ வைத்தால் வளையம் நிரந்தரமாக நசுங்கக்கூடும்.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் அமைத்தோம். வளையத்தைக் கனமான ஸ்டாண்டின் மேல் நிறுத்தி, உச்சியில் குறுக்காக ஒரு கம்பி வைத்து, அதன் இரு முனைகளிலிருந்தும் இரண்டு ராடு தொங்கவிட்டு, கீழே ஒரு தட்டு. எடை முழுதும் கீழே தொங்குவதால் சாயாது. தட்டு தரைக்குச் சற்று மேலேயே நிற்கும்படி வைத்தோம், தவறினாலும் காலில் விழாது. டயல் கேஜை வளையத்துக்கு உள்ளேயே, அடி உட்பரப்பில் நிறுத்தி உச்சி உட்பரப்பைத் தொட வைத்தேன். வெளியே மேசையில் நிறுத்தினால் ஸ்டாண்டு அமுங்குவதும் கணக்கில் சேர்ந்துவிடும்.

தட்டின் எடையையும் சேர்த்து 100 கிலோ ஏற்றியபோது முள் 0.63இல் நின்றது. எடைகளை இறக்கியதும் பூஜ்யத்துக்கே திரும்பியது. எஃகு ஈல்டு ஆகவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. கேஜைக் குறுக்காகத் திருப்பி மறுபடி ஏற்றினோம், 0.58. வகுத்தால் 0.92. அண்ணன் கேஜில் கண்ணை வைத்துக்கொண்டே, "கணக்கும் முள்ளும் ஒண்ணாத்தான்யா நிக்குது" என்றார்.

இப்போது கேஜின் ஒரு கோடு, 0.01 மி.மீ., ஏறக்குறைய 1.6 கிலோ. உச்சியிலும் அடியிலும் தாங்கு கட்டை எதையும் நான் வெல்டு செய்யவில்லை. அதிக மொமென்ட் வரும் இடத்தில் இரும்பு கூடினால் வளையம் விறைப்பாகி, சூத்திரம் சொல்வதைவிடக் குறைவாகவே அமுங்கும். கட்டை வேண்டுமென்றால் சூத்திரத்தை நம்பாமல், எடை ஏற்றித்தான் கோட்டின் மதிப்பை எடுக்க வேண்டும்.

அண்ணனுக்கு இப்போது 300 கிலோ வரை அளக்க ஒன்று வேண்டுமாம். அதே பைப்பில் 75 மி.மீ. அகலத்துக்கு வெட்டச் சொல்லியிருக்கிறேன். விசையும் அகலமும் ஒரே மடங்கில் கூடுவதால் தகைவும் அமுங்கும் அளவும் மாறாது. ஒரு கோட்டின் மதிப்பு மட்டும் மூன்று மடங்காகும்.