"எல்லாத்தையுமா அண்ணா?"

அலுவலகத்துக்குப் புதிதாக வந்த பையன் கேட்ட அந்தக் கேள்விக்கு நான் "ஆமா, எல்லாத்தையும்" என்று சொன்னேன். வேறு ஏதோ வேலையில் இருந்தேன், பக்கத்து மேசையிலிருந்து கேட்டான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. இன்னும் எக்செல்லில் பச்சை முக்கோணத்தைப் பார்த்தால் அந்த இரண்டு வார்த்தைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

மாதக் கடைசி. மென்பொருளிலிருந்து இறக்கிய 412 வரிசை. A பத்தியில் பத்து இலக்க வாடிக்கையாளர் எண், B-யில் பதினாறு இலக்கப் பரிவர்த்தனை எண், C-யில் தொகை. கணக்குப்படி மொத்தம் 18,42,650 வரவேண்டும், SUM காட்டியது 16,97,400. பையன் அரை மணி நேரம் வரிசை வரிசையாகப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். எனக்கு இது பழகிய நோய். C பத்தியைத் தேர்வு செய்து கீழே நிலைப்பட்டையைப் பார்க்கச் சொன்னேன். Count 412, Numerical Count 371. (இந்த இரண்டாவது எண் எல்லாருக்கும் தெரியாது, நிலைப்பட்டையில் வலது கிளிக் செய்து டிக் போட்டுக்கொள்ள வேண்டும்.) அதாவது 41 தொகைகள் எண் போலத் தெரியும் எழுத்துகள். SUM அவற்றைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும், பிழை எதுவும் காட்டாது. ஆனால் அதே செல்களை `=C5+C6` என்று கூட்டினால் ஒழுங்காகக் கூட்டித் தரும். பையன் இரண்டு மூன்று செல்லை அப்படிக் கூட்டிப் பார்த்து, சரியாக வந்ததால் எண்களில் குறை இல்லை என்று முடிவு கட்டி, தவறை வேறு எங்கோ தேடிக்கொண்டிருந்தான்.

"மூலையில பச்சை முக்கோணம் தெரியுதா? அதெல்லாம் எழுத்தா கிடக்கு. செலக்ட் பண்ணு, பக்கத்துல மஞ்சள் ஆச்சரியக்குறி வரும், அதுல `Convert to Number` கொடு."

"எல்லாத்தையுமா அண்ணா?"

"ஆமா, எல்லாத்தையும்."

கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மஞ்சள் குறி வரலை அண்ணா" என்றான். தலைப்பு வரிசையிலிருந்து இழுத்திருப்பான் என்று எனக்குத் தெரியும். தேர்வு எந்தச் செல்லில் தொடங்குகிறதோ அதில் முக்கோணம் இருந்தால்தான் அந்தக் குறி வரும். "முக்கோணம் இருக்கிற செல்லுல இருந்து ஆரம்பி" என்றேன். அவன் A2-விலிருந்து ஆரம்பித்தான். A2-விலும் முக்கோணம் இருந்தது. நான் சொன்னதை எழுத்துக்கு எழுத்து செய்தான்.

நான் தொகைப் பத்தியைத்தான் சொன்னேன். பேச்சு முழுக்கத் தொகையைப் பற்றித்தானே இருந்தது, யார் கேட்டாலும் அப்படித்தான் புரிந்துகொள்வார்கள். இதை என்னிடமே பல தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அவனுக்குச் சந்தேகம் வந்ததால்தான் கேட்டான் என்பதும் உண்மை. எக்செல் மூன்று பத்திக்கும் ஒரே முக்கோணத்தை, ஒரே குறிப்போடு, `Number Stored as Text` என்று போட்டு வைத்திருக்கிறது. புதிதாக வந்தவன் எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பான்?

தொகையோடு மற்ற இரண்டு பத்தியும் சேர்ந்து மாறியது அன்றைக்கு எங்கள் யார் கண்ணிலும் உறுத்தவில்லை. மொத்தம் கிட்டத்தட்டச் சரியாகிவிட்டது, 6,300 மட்டும் இடித்தது. Numerical Count 410. இரண்டு செல் மிச்சம், அவற்றில் முக்கோணமே இல்லை. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது, எழுந்து அவன் மேசைக்கே போனேன். காலிச் செல் ஒன்றில் 1 அடித்து, அதை நகலெடுத்து, தொகைப் பத்தியைத் தேர்வு செய்து, `Ctrl+Alt+V`, அதில் `Values`, `Multiply`, சரி. ஒவ்வொரு செல்லையும் ஒன்றால் பெருக்கும்போது எழுத்தாகக் கிடப்பது எண்ணாகிவிடும், `Values` கொடுத்தால் கட்டம், நிறம் எதுவும் மாறாது. ஆயிரக்கணக்கான வரிசை இருந்தால் மஞ்சள் குறியை நம்பி உட்கார்ந்திருப்பதைவிட இது வேகம். பத்தியில் வெறும் செல் இருந்தால் அதில் 0 வந்து உட்கார்ந்துவிடும், அதையும் சொல்லிக்கொடுத்தேன். அந்த எச்சரிக்கை மட்டும் நினைவிருந்தது பாருங்கள்.

அந்த இரண்டு செல் அதற்கும் மசியவில்லை. F2 தட்டிப் பார்த்தால் கடைசி இலக்கத்துக்குப் பின்னால் கர்சர் ஓர் இடம் தள்ளி நின்றது. வலைப்பக்கத்திலிருந்து ஒட்டியவற்றில் வரும் உடையா இடைவெளி, எழுத்து எண் 160. இது ஒட்டிக்கொண்டிருந்தால் எக்செல் அதை எண் என்றே நினைக்காது, அதனால்தான் முக்கோணமும் போடவில்லை. `TRIM` இதைத் தொடாது. இப்படித்தான் எடுக்க வேண்டும்:

```
=VALUE(SUBSTITUTE(C57,CHAR(160),""))
```

412. 18,42,650. பையன் முகத்தில் வெளிச்சம். நானும் பெரிய ஆள் போல என் நாற்காலிக்குத் திரும்பிவிட்டேன்.

அந்த நேரத்தில் B பத்தியில் என்ன நடந்திருந்தது என்றால், எக்செல் ஓர் எண்ணில் பதினைந்து இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். பதினாறாவது இலக்கம் பூஜ்யமாகிவிடும். 5508201900034127 என்று எழுத்தாக இருந்தது, எண்ணாக்கிய நொடியில் 5508201900034120. எச்சரிக்கைப் பெட்டி எதுவும் வராது. முதலில் 5.5082E+15 என்று தெரிந்திருக்கிறது, அது அசிங்கமாக இருக்கிறது என்று அவன் `Number` வடிவம் கொடுத்து, தசம இடத்தை எடுத்துவிட்டான். பதினாறு இலக்கமும் வரிசையாக வந்து நின்றது. எல்லாமே 0-வில் முடிகிறது என்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?

அடுத்த நாள் அந்தப் பரிவர்த்தனை எண்களை இன்னொரு பிரிவு அனுப்பிய பட்டியலோடு VLOOKUP போட்டிருக்கிறான். எல்லா வரிசையிலும் `#N/A`. இந்தப் பக்கம் எண், அந்தப் பக்கம் எழுத்து, பொருந்தாது. அதுவே எங்களைக் காப்பாற்ற வந்த மணி. அங்கே நிறுத்தி என்னிடம் கேட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் நான்தான் முதல் நாள் மருந்து கொடுத்துவிட்டேனே. அந்தப் பட்டியலின் நகலிலும் ஒன்றால் பெருக்கி ஒட்டிவிட்டான். `#N/A` எல்லாம் மறைந்தது, எல்லாம் பொருந்திவிட்டது.

எல்லாம் தப்பாகப் பொருந்தியது. பரிவர்த்தனை எண்கள் வரிசையாக ஓடுபவை. 4121 முதல் 4129 வரை எல்லாமே இப்போது 4120. VLOOKUP முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக் கொடுக்கும். அதனால் அடுத்தடுத்த எண்கொண்ட எட்டுப் பத்துப் பேருக்கு ஒரே நபரின் நிலை வந்தது. முதல் ஆளுக்கு "வந்தது" என்றால் மற்றவர்களுக்கும் "வந்தது". இரண்டு நாள் அவன் அதை வைத்துக் குறிப்புகள் எழுதி அனுப்பியும் விட்டான். பணமே வராத ஒருவருக்கு வந்தது என்று போட்டிருக்கிறீர்களே என்று அந்தப் பிரிவிலிருந்து கேட்டபோதுதான் திறந்து பார்த்தோம்.

அசல் கோப்பு மின்னஞ்சலில் இருந்தது, அது ஒரு புண்ணியம். ஆனால் அவன் எழுதிய குறிப்புகள் கெட்டுப்போன கோப்பில் இருந்தன, அதையும் தொகைவாரியாக மாற்றி அடுக்கியிருந்தான். A பத்தியின் முன்பூஜ்யங்கள் போயிருந்தன. ஆனால் எல்லாம் பத்து இலக்கம் என்று தெரியுமாதலால் `=TEXT(A2,"0000000000")` போட்டதும் திரும்பி வந்துவிட்டன. B-யில் போன இலக்கம் போனதுதான். கடைசியில் வாடிக்கையாளர் எண்ணையும் தொகையையும் சேர்த்துச் சாவியாக வைத்து அசலோடு இணைத்தோம். ஒரே ஆள் ஒரே தொகையை இரண்டு தடவை கட்டிய ஆறு வரிசையைக் கையால் பார்த்தோம்.

நடுவில் ஒரு வேடிக்கை. அசலில் எண்கள் தனித்தனிதானா என்று பார்க்க `=COUNTIF(B$2:B$413,B2)` போட்டேன். ஒன்பது என்றது. அசலும் கெட்டுவிட்டதோ என்று வயிறு கலங்கிவிட்டது. கெடவில்லை. எண் போலத் தெரியும் எழுத்தை COUNTIF தானே எண்ணாக்கி ஒப்பிடும், அதே பதினைந்து இலக்கத்தோடு. கீழே உள்ளது எழுத்தை எழுத்தாகவே ஒப்பிடும், ஒன்று என்று காட்டியது:

```
=SUMPRODUCT(--(B$2:B$413=B2))
```

பத்து வருடமாக எக்செல்லில் இருப்பவன், எனக்கே அது அன்றைக்குத்தான் தெரியும். அப்புறம் எப்படி அவனைக் குறை சொல்வது?

குறை சொல்லவில்லைதான். ஆனால் மேலாளர் கேட்டபோது "சார், என்னோட தப்புதான், தெரியாம எல்லாப் பத்தியையும் மாத்திட்டேன்" என்று அவன் சொன்னான், நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். "நான்தான் சொன்னேன்" என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். நான் சொன்னது, "பரவாயில்லை சார், சரிபண்ணியாச்சு." பெருந்தன்மையாக வேறு தெரிந்திருக்கும் அவருக்கு.

அதற்கப்புறம் புதியவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன்: இந்தப் பத்தியைக் கூட்டுவோமா? கூட்டமாட்டோம் என்றால் அது எண் இல்லை, பெயர், முக்கோணம் இருந்தால் இருக்கட்டும் என்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இருக்கட்டும் என்று விட்ட முக்கோணம் அடுத்து வருபவன் கண்ணை உறுத்தும், அவன் மாற்றுவான். `Ignore Error` கொடுத்து மறைக்கலாம்தான், அது அந்தக் கோப்போடு சரி, அடுத்த மாதம் புதிதாக இறக்கினால் மறுபடி பச்சை. விருப்பங்களில் போய் அந்த விதியையே அணைத்துவிடலாம். அணைத்தால் தொகைப் பத்தியில் எழுத்தாகக் கிடக்கும் 41-ஐயும் யாரும் பார்க்கமாட்டார்கள். நான் அணைக்கவில்லை. அவன் கணினியில் அணைத்து வைத்திருக்கிறான் என்று போன மாதம்தான் பார்த்தேன். எதுவும் கேட்கவில்லை. இப்போது பத்தியைத் தேர்வு செய்து கீழே Numerical Count-ஐப் பார்க்கிறான், பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடாமல் அவனே முடித்துவிடுகிறான்.