கோயம்புத்தூரில் உட்கார்ந்தவருக்கு ஏன் ஜெர்மன் வந்தது

ஐரோப்பாவில் ஹோட்டல் அறை பதிவு செய்யும் ஒரு வாடிக்கையாளரின் இணையதளத்தைச் சென்னையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த காலம். ஒரு நாள் காலையில் எங்கள் டெஸ்டர் அழைத்தார். அவர் கோயம்புத்தூரில் வீட்டிலிருந்து வேலை செய்பவர், எனக்கு மூன்று நான்கு வருடம் சீனியர். “முகப்புப் பக்கம் ஜெர்மன்ல வருதுங்க, நீங்க ஏதாவது மாத்தினீங்களா?” என்றார். நான் எதையும் மாற்றவில்லை. திறந்து பார்த்தால் எனக்கு ஆங்கிலத்தில் ஒழுங்காகத்தான் வந்தது. “எனக்குச் சரியா வருதே” என்றேன். இந்தப் பதிலைக் கேட்டால் எந்த டெஸ்டருக்கும் கோபம் வரும், அவருக்கும் வந்தது.

திரையைப் பகிரச் சொன்னேன். உண்மையிலேயே ஜெர்மன். அதைவிடக் கொடுமை, மேலே மூலையில் இருந்த மொழிப் பட்டியலைத் திறந்தால் `Englisch`, `Französisch`, `Italienisch` என்று அதுவும் ஜெர்மனிலேயே இருந்தது. இதை இவ்வளவு நாள் எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. `Englisch` என்பதை எப்படியோ ஊகித்துவிடலாம். ஆனால் பின்லாந்துப் பக்கத்தில் மாட்டிக்கொண்டால் `englanti` என்பதை எங்கே போய்த் தேடுவது?

இரண்டு பேரும் ஒரே ஊர்க்காரர்கள் மாதிரிதான், ஒரே பிரவுசர், ஒரே ஆங்கில அமைப்பு. வித்தியாசம் விபிஎன்னில் இருந்தது. எனக்கு அலுவலக நெட்வொர்க். உள் சர்வர்களுக்குப் போகிற போக்குவரத்து மட்டும் கம்பெனி வழியாகப் போகும், மற்றதெல்லாம் சென்னையிலேயே வெளியே போய்விடும். அவருக்கு வீட்டிலிருந்து முழுப் போக்குவரத்தும் விபிஎன் வழியாகத்தான், அது வெளியே வருகிற வாசல் பிராங்பேர்ட்டில் இருந்தது. ஆக, அவர் கோயம்புத்தூரில் உட்கார்ந்து தட்டினாலும், இணையதளத்தின் கண்ணுக்கு ஜெர்மனியிலிருந்து ஒருவர் வந்து நிற்கிறார்.

விபிஎன் போட்டால் மொழி மாறும் என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் விபிஎன்னுக்கு மொழியைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அது மாற்றுவது உங்கள் ஐபி முகவரியை மட்டும்தான். எந்த ஐபி எந்த நாட்டுக்காரருடையது என்று குத்துமதிப்பாகச் சொல்லும் தரவுத்தளங்கள் இருக்கின்றன, சர்வர் அதில் பார்த்து “இவர் ஜெர்மனி” என்று முடிவு கட்டுகிறது. பக்கங்களை வேகமாகக் கொடுக்க நடுவில் நிற்கிற சிடிஎன் சர்வர்களே அந்த வேலையைச் செய்து, நாட்டின் இரண்டெழுத்துக் குறியீட்டை `CF-IPCountry` மாதிரி ஒரு ஹெடரில் வைத்து நமக்குக் கொடுத்துவிடுவதும் உண்டு.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு செய்தியும் போகிறது. பிரவுசர் ஒவ்வொரு பக்கத்தைக் கேட்கும்போதும், தன் அமைப்பில் என்ன மொழிகள் வரிசையாக இருக்கின்றனவோ அவற்றைப் பொதுவாகச் சேர்த்தே அனுப்புகிறது. தமிழை முதலில் வைத்திருப்பவரின் பிரவுசர் இப்படிச் சொல்லும்:

```
Accept-Language: ta-IN,ta;q=0.9,en-GB;q=0.8,en;q=0.7
```

`q` என்பது விருப்பத்தின் அளவு. எண் போடாமல் இருந்தால் 1 என்று பொருள், அதற்கப்புறம் இறங்குவரிசை. இந்தியத் தமிழ் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் ஏதோ ஒரு தமிழ், அதுவும் இல்லையென்றால் பிரிட்டிஷ் ஆங்கிலம், கடைசியில் எந்த ஆங்கிலமானாலும் சரி. விபிஎன் இந்த வரியைத் தொடுவதில்லை. கோயம்புத்தூரில் என்ன அனுப்பியதோ அதுவேதான் பிராங்பேர்ட் வழியாகவும் போகிறது.

அதனால் ஒரு தளம் எதைப் பார்த்து மொழியை முடிவு செய்கிறது என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. தனிப்பட்ட சாளரம் ஒன்றைத் திறந்து விபிஎன் இல்லாமல் பாருங்கள், அப்புறம் அதை மூடிவிட்டு விபிஎன் போட்டு இன்னொன்றில் பாருங்கள். மொழி மாறினால் அந்தத் தளம் ஐபியைப் பார்க்கிறது. மாறவில்லை என்றால் பிரவுசரைப் பார்க்கிறது, அல்லது எதையுமே பார்க்கவில்லை. தனிப்பட்ட சாளரம் எதற்கு என்றால், பழைய குக்கீ இருந்தால் அது இரண்டையும் மீறிவிடும்.

எங்கள் நிரலில் தேடியபோது கிடைத்தது இது:

```
const map = { DE: 'de', AT: 'de', CH: 'de', FR: 'fr', IT: 'it' };
const lang = map[country] || 'en';
```

`Accept-Language` என்ற சொல்லே அந்தக் கோப்பில் எங்கும் இல்லை. நாணயத்தையும் வரியையும் காட்டுவதற்காக யாரோ எப்போதோ நாட்டைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், அது சரியான காரியம்தான். பிறகு இன்னொருவர், நாடு கையில் இருக்கிறதே என்று மொழியையும் அதிலிருந்தே எடுத்துவிட்டார். அந்த இன்னொருவர் நானாகக்கூட இருக்கலாம், பழைய கமிட்டுகளைத் தோண்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

`CH: 'de'` என்பதைப் பார்த்ததும்தான் எனக்கு இன்னொரு பழைய புகார் ஞாபகம் வந்தது. ஜெனீவாவிலிருந்து சிலர், பிரெஞ்சு இருக்க ஏன் ஜெர்மனில் காட்டுகிறீர்கள் என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஸ்விட்சர்லாந்துக்கு ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரொமான்ஷ் என்று நான்கு தேசிய மொழிகள், ஜெனீவா பேசுவது பிரெஞ்சு. அங்கிருந்து கூகுள் முகப்பை ஆங்கிலத்தில் திறந்தால் அடியில் அந்த நான்கையும் வரிசையாகக் காட்டும், நமக்கு இங்கே தமிழ், தெலுங்கு, இந்தி என்று காட்டுவதைப் போல. இருக்கும் இடத்தை வைத்துச் சொல்லக்கூடியது அவ்வளவுதான்: இங்கே இன்னின்ன மொழிகள் புழங்குகின்றன. எதிரில் இருப்பவர் எதைப் படிப்பார் என்று ஐபி சொல்லாது. மாநிலத்தை வைத்து மொழி காட்டலாமா என்று நம்மூர் திட்டம் ஒன்றில் பேச்சு வந்தபோது நான் தலையிட்டதும் இதனால்தான். சென்னையில் இருக்கும் செல்போனை ஐபி தரவுத்தளம் மும்பை என்று சொல்வதெல்லாம் சகஜம்.

சரி, காரணம் தெரிந்துவிட்டது என்று டெஸ்டரிடம் விபிஎன்னை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொன்னேன். அணைத்தார். மறுபடியும் ஜெர்மன்.

குக்கீயாக இருக்கும் என்று நினைத்தேன். `/de/` பக்கத்துக்கு ஒருமுறை போனால் `lang=de` என்று குக்கீ வைக்கிற பழக்கம் எங்கள் தளத்துக்கு இருந்தது. அழித்தார். மறுபடியும் ஜெர்மன். என் கணினியிலிருந்து `curl -I` அடித்தால் இந்தியாவுக்கு ஆங்கிலம் என்று சரியாகப் பதில் வருகிறது. சர்வர் பதிவேட்டில் அவருடைய வீட்டு ஐபியைத் தேடினேன், `/de/` பக்கத்துக்கான கோரிக்கை மட்டும் இருக்கிறது, முகப்புக்கான கோரிக்கையே இல்லை. ஆனால் அவர் முகவரிப் பட்டையில் அடித்தது முகப்பைத்தான்! அரைமணி நேரம் இதில் போனது. கடைசியில் அவருடைய பிரவுசரில் நெட்வொர்க் தாவலைத் திறந்து முதல் வரியைப் பார்த்தால்:

```
Status Code: 301 Moved Permanently (from disk cache)
```

301 என்றால் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று சர்வர் சொல்வது. பிரவுசர் அதை நம்பி எழுதி வைத்துக்கொள்கிறது, அடுத்த முறை சர்வரைக் கேட்காமலேயே நேராக `/de/`க்குப் போய்விடுகிறது. விபிஎன் போட்டிருந்தபோது ஒரே ஒரு முறை முகப்பைத் திறந்தார், அந்தத் தற்காலிகச் சூழ்நிலையை வைத்து நாங்கள் “நிரந்தரம்” என்று பதில் சொன்னோம், அவருடைய கணினி அதைச் சத்தியவாக்காக எடுத்துக்கொண்டது. இது எனக்கு எப்போதும் தெரியாமல் போனதற்கும் காரணம் உண்டு: டெவலப்பர் கருவிகளைத் திறந்து வைத்து `Disable cache` என்பதை டிக் செய்தபடியேதான் நான் நாள் முழுக்க வேலை செய்வேன்.

மாற்றியது அதிகமில்லை. முகவரியிலேயே மொழி இருந்தால் அதற்குத்தான் முதல் மரியாதை, `/fr/` என்று இணைப்பு வந்தால் யாரும் அவரை வேறு பக்கத்துக்குத் தள்ளக்கூடாது. மொழி இல்லாத முகப்புக்கு வந்தால், அவரே பட்டியலில் தேர்ந்தெடுத்த குக்கீ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் `Accept-Language`, அதிலும் பொருந்தாவிட்டால் ஆங்கிலம். நாடு நாணயத்தோடும் வரியோடும் நின்றுகொள்ளும். திருப்பிவிடுவது இனி 302, அதாவது தற்காலிகம், கூடவே இதை எழுதி வைத்துக்கொள்ளாதே என்று பிரவுசருக்குச் சொல்லும் `Cache-Control: no-store`. முதல் முறை நான் எழுதியதில் ஒரு சறுக்கல் இருந்தது. `fr-CH` என்று வந்ததை எங்களிடம் இருந்த `fr` உடன் முழுச் சொல்லாக ஒப்பிட்டேன், பொருந்தாமல் ஜெனீவாக்காரருக்கு ஆங்கிலம் போயிருக்கும். வலப்பக்கத்திலிருந்து கோடு கோடாக வெட்டிக்கொண்டே வந்து பார்க்க வேண்டும், `fr-CH` இல்லையென்றால் `fr`. நல்லவேளையாக டெஸ்டர் அதையும் பிடித்துவிட்டார்.

வாடிக்கையாளர் தரப்பில் ஒருவருக்குச் சந்தேகம், ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு இனி ஜெர்மன் வராதா என்று. அவர்களில் பெரும்பாலோரின் பிரவுசரே `de` என்றுதான் சொல்லும், ஒன்றும் குறையாது என்று விளக்க வேண்டியிருந்தது. பிரவுசர் சொல்வதும் வேதவாக்கு இல்லைதான். நம் ஊரில் தமிழ் மட்டும் படிக்கிறவரின் போன்கூட ஆங்கிலத்தில் இருக்கும், கடையில் வாங்கும்போது எப்படி இருந்ததோ அப்படியே. அந்த போன் தமிழ் என்ற சொல்லை எந்தச் சர்வருக்கும் சொல்லவே சொல்லாது. அதனால்தான் மொழிப் பட்டியலைக் கண்ணுக்குப் படும் இடத்தில் வைத்து, ஒவ்வொரு மொழியையும் அதன் சொந்தப் பெயரிலேயே எழுதினோம்: `Deutsch`, `Français`, `English`.

தீராத ஒன்று மிச்சம் இருந்தது. ஏற்கெனவே 301-ஐ வாங்கி வைத்திருக்கும் பிரவுசர்களை நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது, அவை எங்களிடம் கேட்பதே இல்லையே. அதற்காக `/de/` பக்கத்தின் தலையில் ஒரு பட்டை வைத்தோம். பிரவுசரின் முதல் விருப்பம் ஜெர்மன் இல்லையென்றால், அந்த முதல் விருப்ப மொழியிலேயே “இந்தப் பக்கத்தை ஆங்கிலத்தில் பார்க்கிறீர்களா” என்பது போல ஒரு வரி காட்டும், தானாக எங்கும் தள்ளாது. அந்தப் பட்டை சரியாக வருகிறதா என்று சோதிக்க நிஜமான பழைய 301 உள்ள கணினி வேண்டுமே என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, டெஸ்டர் தன் பிரவுசரின் கேஷை இன்னும் அழிக்கவில்லை என்றார். “இதுக்குத்தான் வச்சிருக்கேன்” என்றார்.