இரண்டு உம்மைகள்

"சுவரொட்டி படத்துக்கு முன்னால் வருவது. நீங்களோ, படம் முடிந்து வெளியே வருகிறவனுக்குத் தெரிந்த பொருளை அதில் எழுதியிருக்கிறீர்கள்." என் மொழிபெயர்ப்பைச் சரிபார்த்தவர் தொலைபேசியில் இப்படிச் சொன்னபோது என்னிடம் பதில் இருந்தது. இப்போதும் இருக்கிறது. அந்தப் பதில் எனக்கே போதவில்லை என்பதுதான் தொந்தரவு.

'முள்ளும் மலரும்' படத்தின் மறுவெளியீட்டுச் சுவரொட்டி அது. சுவரில் ஒட்டியிருந்ததை யாரோ புகைப்படம் எடுத்திருந்தார்கள். வெளிநாட்டுக் கண்காட்சி ஒன்றில் அந்தப் புகைப்படத்துக்குப் பக்கத்தில் ஆங்கிலக் குறிப்பு வைக்க வேண்டும். படத்தில் தெரியும் எழுத்து ஒன்றையும் விடக் கூடாது என்றார்கள். அனுப்பிய படிவத்தில் தலைப்புக்கு இரண்டு கட்டங்கள் இருந்தன: ஒன்றில் ஒலிபெயர்ப்பு, மற்றதில் பொருள். பொருளுக்கான கட்டத்தில் ஒரே பொருள்தான் இருக்க வேண்டும், சாய்கோடு போட்டு இரண்டு எழுதினால் திருப்பி அனுப்புவோம் என்று முன்பே சொல்லிவிட்டார்கள்.

இந்தத் தலைப்புக்கு ஒரே பொருள் என்பது எவ்வளவு கொடுமை என்று தமிழ் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இரண்டு உம்மைகளையும் எண்ணும்மையாக எடுத்துக்கொண்டால் முள்ளும், மலரும் என்று இரண்டு பொருள்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. முரட்டு அண்ணன் காளி, மென்மையான தங்கை வள்ளி. முதல் உம்மையை இழிவு சிறப்பாகவும் 'மலரும்' என்பதை வினைமுற்றாகவும் எடுத்துக்கொண்டால் முள்கூடப் பூக்கும் என்றாகிவிடுகிறது. அப்போது தலைப்பில் தங்கை இல்லை. காளி ஒருவனே இருக்கிறான், அவன் மாறப்போகிறான் என்ற செய்தியும் இருக்கிறது. எழுத்தில் இரண்டுக்கும் ஒரு புள்ளி வித்தியாசம் கிடையாது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லாகவும் வினையாகவும் ஒரே வேளையில் நிற்கும்படி இதை எழுத எனக்கு வழி தெரியவில்லை.

நான் முள்கூடப் பூக்கும் என்ற பொருளை எழுதினேன்.

கண்ணை மூடிக்கொண்டு எடுத்த முடிவு அல்ல. படத்தின் கடைசிக் காட்சி என் பக்கம் நிற்கிறது. எஞ்சினியரைத் திருமணம் செய்துகொள்ளக் கிளம்பிய வள்ளி, திரும்பி அண்ணனிடமே ஓடி வருகிறாள். அவள் தன்னைத் தேர்ந்தெடுத்துவிட்டாள் என்று தெரிந்த பிறகுதான் காளி அந்தத் திருமணத்துக்குச் சம்மதிக்கிறான். எஞ்சினியரை இன்னமும் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே சம்மதிக்கிறான். முள் முள்ளாகவே இருந்து பூக்கிறது. இதைப் பார்த்தவர்களால் தலைப்பை வெறும் பட்டியலாகப் படிக்க முடியுமா? 'முள்ளும் பூவும்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதினால் தோட்டக்கலைக் கையேட்டின் பெயர்போல இருக்கும் என்றும் அப்போது எனக்குத் தோன்றியது. அது உண்மைதான் என்றாலும் காரணமாகச் சொல்லத் தகுந்தது அல்ல. ஆங்கிலத்தில் அழகாக ஒலிக்கவில்லை என்பதற்காகத் தமிழ்த் தலைப்பின் ஒரு பாதியை விடுவது நியாயமாகாது.

சரிபார்ப்பவர் இந்த வேலையில் என்னைவிட மூத்தவர். குரலை உயர்த்த மாட்டார். "சார், கடைசிக் காட்சி தலைப்புக்குச் சாட்சி சொல்கிறதே" என்றேன். "சொல்கிறது. ஆனால் புகைப்படத்தில் கடைசிக் காட்சி இல்லையே. இரண்டு முகங்கள்தானே இருக்கின்றன? ரஜினிகாந்த், பக்கத்தில் ஷோபா. பார்க்கிறவன் முள்ளையும் மலரையும் அங்கேயே பார்த்துவிடுகிறான். உங்கள் குறிப்போ மலரைத் தூக்கிவிட்டு முள்ளை மட்டும் வைத்திருக்கிறது" என்றார். அதோடு நிற்கவில்லை. "கீழே மறைந்த இடத்தில் உங்களுக்குத் தெரிந்த பெயரைக்கூட நீங்கள் எழுதவில்லை. தலைப்புக்கு மட்டும் ஏன் படம் பார்த்த அறிவு?"

அந்தக் கேள்விதான் உள்ளே தங்கிவிட்டது. மறைந்த பெயரைப் பற்றி அவர் சொன்னது உண்மை. சுவரொட்டியின் அடிப்பகுதியில் பணியாற்றியோர் பெயர்கள் இருந்த வரிசை, மேலே ஒட்டியிருந்த இன்னொரு தாளுக்கு அடியில் பாதி மறைந்திருந்தது. 'ஒளிப்பதிவு' என்ற சொல்லும் அடுத்து 'பாலு' என்ற இரண்டு எழுத்துகளும் மட்டுமே தெரிந்தன. அது பாலு மகேந்திரா என்று எனக்குத் தெரியும். அந்தக் காலப் படங்களைப் பார்த்த யாருக்கும் தெரியும். ஆனாலும் 'பாலு' என்று மட்டும் எழுதி, மீதி மறைந்திருக்கிறது என்று அடைப்புக்குள் குறித்தேன். புகைப்படத்தை மொழிபெயர்க்கும்போது என் கை மீறக் கூடாத கோடு அது என்று நம்புகிறேன். ஒருமுறை நினைவிலிருந்து நிரப்பத் தொடங்கினால், நிச்சயமாகத் தெரிந்ததும் தெரிந்ததுபோலத் தோன்றுவதும் ஒரே எழுத்துருவில் அச்சாகிவிடும். படிப்பவருக்கு எது சுவரில் இருந்தது, எது என் தலைக்குள் இருந்தது என்று பிரித்தறிய வழியிருக்காது.

அப்படிப்பட்டவன் தலைப்பில் மட்டும் எப்படிக் கோட்டைத் தாண்டினேன்?

எனக்கு நானே சொல்லிக்கொண்ட முதல் சமாதானம், பெயர்களிலேயே கோடு அவ்வளவு நேராக இல்லை என்பது. சுவரொட்டியில் 'இயக்கம்: மகேந்திரன்' என்று இருந்தது. எழுத்துக்கு எழுத்து என்ற முறைப்படி ஒலிபெயர்த்தால் நடுவில் உள்ள 'கே' ஆங்கிலத்திலும் 'கே' ஆகவே வரும். ஆனால் அவருடைய பெயரை ஆங்கிலத்தில் 'ஹே' ஒலி வரும்படிதான் எங்கும் எழுதுகிறார்கள். சுவரொட்டியை மட்டும் நம்பினால், அவரைத் தேடிப் போகிற வாசகர் யாரையும் கண்டுபிடிக்க மாட்டார். இளையராஜா பெயரிலும் அப்படித்தான். ஆங்கிலத்தில் வழங்கும் எழுத்துக்கூட்டலில் 'ரா'வுக்கு ஆங்கில 'ஏ' எழுத்து இரண்டு முறை வருகிறது, 'ஜா'வுக்கு ஒன்றுதான். தமிழ் எழுத்தைப் பார்த்து இதை யாராலும் ஊகிக்க முடியாது. ஆக, வாழ்ந்த மனிதர்களின் பெயர்களுக்கு நான் சுவரொட்டிக்கு வெளியேதான் போனேன். தலைப்பை ஒலிபெயர்த்த கட்டத்திலும் ஏற்கெனவே ஆங்கிலத்தில் பழகிய எழுத்துக்கூட்டலையே வைத்தேன்.

'படாபட்' ஜெயலட்சுமியை வைத்தும் இதையே சொல்லலாம். 'படாபட்' என்றால் சட்டென்று, மளமளவென்று என்று பொருள். 1974-இல் வந்த 'அவள் ஒரு தொடர்கதை'யில் அவர் பேசிய சொல் அது. பிறகு பெயரோடு ஒட்டிக்கொண்டது. அதை மொழிபெயர்த்தால் ஒரு நடிகை துரித உணவுக் கடையாகிவிடுவார். ஒலிபெயர்த்து, பொருள் தராமல் விட்டேன். சரிபார்ப்பவரும் அதில் கை வைக்கவில்லை. எதைப் பெயராகக் கொள்வது, எதைச் சொல்லாகக் கொள்வது என்ற முடிவே சுவரொட்டிக்கு வெளியிலிருந்து வருகிறது.

பொறுப்புகளை மட்டும் தயக்கமின்றி மொழிபெயர்த்தேன். அங்கேயும் ஒரு வாக்குவாதம் நடந்தது. 'திரைக்கதை, வசனம், இயக்கம்' என்று இருந்ததை, எழுதி இயக்கியவர் என்று ஆங்கிலத்தில் வழக்கமாக எழுதுவதுபோலச் சுருக்கலாம் என்று கண்காட்சிக்காரர்கள் யோசனை சொன்னார்கள். இடம் மிச்சமாகுமாம். மறுத்துவிட்டேன். மேலே தனியாக 'கதை: உமாசந்திரன்' என்று இருந்தது. கல்கியின் வெள்ளிவிழாப் போட்டியில் பரிசு பெற்ற நாவல் அது. சுருக்கினால் நாவலாசிரியரின் உழைப்பும் மகேந்திரன் கணக்கில் போய்விடும். வசனம் என்பது நம் சுவரொட்டிகளில் தனிப் பொறுப்பு, அதற்கென்று தனி எழுத்தாளர்கள் இருந்த காலத்தின் தடம். அதை அழிக்க எனக்கு உரிமை இல்லை. உமாசந்திரன் என்பது புனைபெயர் என்றும், எழுதியவர் ஆண் என்றும் குறிப்பில் சேர்த்தேன். முதல் இரண்டு எழுத்துகளைப் பார்த்துவிட்டு யாராவது 'அவள்' என்று எழுதிவிடக் கூடாதே.

இரண்டாவது சமாதானம் பிற்பாடுதான் தோன்றியது. அதுதான் என்னை இன்னும் வாதாட வைக்கிறது. தலைப்புக்கு மேலே, சாய்ந்த சிவப்பு எழுத்தில் "கெட்ட பய சார் இந்தக் காளி" என்று ஒரு வரி போட்டிருந்தார்கள். மின்நிலையத்தில் விஞ்ச் இயக்குகிற காளி தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் வசனம். இதை ஒலிபெயர்ப்பதில் பயன் இல்லை. விளம்பர வரி காதில் விழுந்த கணமே புரிய வேண்டும். 'கெட்ட' என்பதற்கு நேரான ஆங்கிலச் சொல்லைப் போட்டால் காளி வில்லனாகிவிடுவான். அவன் சொல்வது, தன்னை எதுவும் வீழ்த்திவிட முடியாது என்பதை. அதனால் அடங்காதவன், லேசில் விழாதவன் என்ற பொருள் வரும்படி எழுதினேன். 'சார்' மட்டும் அப்படியே நின்றது. மரியாதைச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டே சவால் விடுகிறான் அல்லவா? அதை எடுத்துவிட்டால் வெறும் வீராப்புதான் மிஞ்சும்.

இந்த வரி யாருக்காக அச்சிடப்பட்டது? படம் பார்க்காதவனுக்கு இதில் ஒன்றும் இல்லை. காளி யார் என்று தெரிந்தவனுக்கு, அந்தக் குரலை ஏற்கெனவே கேட்டவனுக்குத்தான் இது அழைப்பு. மறுவெளியீட்டுச் சுவரொட்டி படத்துக்கு முன்னால் வருவது அல்ல, பின்னால் வருவது. 1978 ஆகஸ்டில் முதன்முதலாக ஒட்டிய சுவரொட்டியாக இருந்திருந்தால் சரிபார்ப்பவர் சொன்னதை மறுபேச்சில்லாமல் ஏற்றிருப்பேன். இந்தச் சுவரொட்டிக்கு முன் நின்றவர்கள் முள் பூத்ததைப் பார்த்தவர்கள். அவர்களுக்குத் தலைப்பு வினையாகவே ஒலித்திருக்கும்.

இதை அவரிடம் சொன்னேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "சுவரொட்டிக்கு முன் நின்றவர்களைச் சொல்கிறீர்கள். குறிப்பைப் படிக்கப்போகிறவர்கள் அவர்கள் இல்லையே" என்றார். கண்காட்சிக்கு வருகிறவர் காளியை அறியாதவர். அவருக்கு இது முதல் சுவரொட்டிதான். யாருக்காக மொழிபெயர்க்கிறோம், எழுதியவன் மனதில் வைத்திருந்த வாசகனுக்காகவா, இப்போது எதிரில் நிற்பவருக்காகவா என்று கேட்டால், வழக்கமாக இரண்டாமவரையே சொல்வேன். காளியின் வசனத்தில் அப்படித்தான் செய்தேன். தலைப்பில் ஏன் செய்யவில்லை என்றால், அந்தத் தலைப்பை நான் நேசிக்கிறேன் என்பதைத் தவிர நேர்மையான காரணம் எதுவும் அகப்படவில்லை.

"இறுதி முடிவு உங்களுடையது" என்று சொல்லிவிட்டார். கோப்பில் நான் எழுதியதை மாற்றவில்லை. முள்கூடப் பூக்கும் என்றே அச்சானது. படிவத்தின் கடைசியில், அச்சில் வராத குறிப்புகளுக்கான இடத்தில், இரண்டு உம்மைகளையும் அவற்றின் இரண்டு பொருள்களையும் விளக்கி ஒரு பத்தி எழுதி அனுப்பினேன். முகங்கள் இரண்டு இருப்பதையும் அதில் சொன்னேன். யாரும் பதில் எழுதவில்லை. அதன் பிறகு வந்த சுவரொட்டி வேலைகளில், பொருளுக்கான கட்டத்தில் ஒன்றுக்கு மேல் எழுத அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் ஒப்புக்கொள்கிறேன். சிலர் சரி என்கிறார்கள், சிலர் இடமில்லை என்கிறார்கள்.